ஆர்டி போட்டா வட்டி பாதிதான் வருதே, ஏன்? மாசாமாசம் 5,000 சேக்கறவங்களுக்கு எஃப்டி, ஆர்டி கணக்கு

கடலூர் சிப்காட்ல வேல பாக்கற ஒருத்தர எடுத்துக்குவோம். மாசம் 28,000 சம்பளம், ஒண்ணாந்தேதி அக்கவுன்ட்ல ஏறிடும். வாடகை, மளிகை, வண்டி டியூ எல்லாம் போக 5,000 ரூபா கண்டிப்பா நிக்கும். அத பேங்க்ல போடலாம்னு போனா போர்டுல ஒரு வருஷத்துக்கு எஃப்டி 6.5 பர்சன்ட், ஆர்டி 6.5 பர்சன்ட்னு ரெண்டும் ஒரே ரேட் போட்டிருக்கு. சரி, நமக்கு மாசாமாசம் தானே வருதுன்னு ஆர்டி ஆரம்பிச்சாரு. 12 மாசம் கட்டி முடிச்சதும் கைக்கு வந்தது 62,143 ரூபா. கட்டுனது 60,000, வட்டி 2,143.

அதே நேரம் கூட வேல பாக்கறவரு 60,000 ரூபாய ஒரே தடவையா எஃப்டில போட்டிருந்தாரு. அவருக்கு வந்த வட்டி 3,996. ரேட்டும் ஒண்ணு, காலமும் ஒரு வருஷம், ரெண்டு பேரும் போட்டதும் 60,000 தான், அப்புறம் எப்படி ஒருத்தருக்கு கிட்டத்தட்ட பாதி வட்டிதான் வந்துச்சு? இந்த இடத்துலதான் பாதி பேரு "ஆர்டி வேஸ்ட், சும்மா 3.5 பர்சன்ட்தான் குடுக்கறான்"னு முடிவுக்கு வந்துடறாங்க. அந்த முடிவு தப்பு, ஆனா அது எங்க தப்புன்னு சொல்ல கொஞ்சம் கணக்கு பாக்கணும்.

(இதுல வர்ற 6.5 கணக்கு புரியறதுக்காக எடுத்துக்கிட்ட ரேட். உங்க பேங்க்ல இன்னிக்கு என்ன ரேட்டோ அத வச்சு மாத்திக்கோங்க, கணக்கோட போக்கு மாறாது.)

முதல்ல ரெண்டும் என்னன்னு பாத்துடுவோம்

எஃப்டி, அதாவது ஃபிக்ஸட் டெபாசிட், தமிழ்ல வைப்பு நிதின்னு எழுதுவாங்க. கையில இருக்கற மொத்தப் பணத்த ஒரே நாள்ல போட்டு, இத்தன நாளுக்கு எடுக்க மாட்டேன்னு ஒத்துக்கறது. போட்ட அன்னிக்கு என்ன வட்டியோ அதுவே கடைசி வரைக்கும்.

ஆர்டி, ரெக்கரிங் டெபாசிட், தொடர் வைப்பு. மாசம் இவ்ளோன்னு ஒரு தொகைய முடிவு பண்ணி, ஆரம்பிச்ச தேதியிலேர்ந்து மாசாமாசம் அதே தொகைய கட்டறது. பெரும்பாலும் ஒரு வருஷத்துலேர்ந்து பத்து வருஷம் வரைக்கும் போடலாம், சில பேங்க்ல ஆறு மாசத்துக்கும் உண்டு. இதுலயும் ஆரம்பிச்ச அன்னிக்கு பேசுன வட்டிதான், பன்னெண்டாவது மாசம் கட்டற தவணைக்கும் முதல் நாள் ரேட்தான். இது பின்னாடி வேலைக்கு வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

ரெண்டுலயும் வட்டிய மூணு மாசத்துக்கு ஒரு தடவ அசலோட சேத்து, அடுத்த மூணு மாசத்துக்கு அதுக்கும் வட்டி போடுவாங்க. காலாண்டு கூட்டு வட்டின்னு சொல்றது இதத்தான். அதனாலதான் 60,000க்கு 6.5 பர்சன்ட்னா 3,900 வர வேண்டிய இடத்துல 3,996 வருது.

பாதி வட்டி எங்க போச்சு: 78 மாசக் கணக்கு

வட்டிங்கறது பணத்துக்கு மட்டும் குடுக்கறதில்ல, பணம் எத்தன நாள் பேங்க்கிட்ட இருந்துச்சோ அந்த நாளுக்கும் சேத்து குடுக்கறது. எஃப்டி போட்டவரோட 60,000மும் முதல் நாள்லேர்ந்தே அங்க இருக்கு, 12 மாசமும் முழுசா இருக்கு. ஆர்டிக்காரரு அப்படியா? முதல் நாள் அவரோடது வெறும் 5,000தான் அங்க இருக்கு.

தவணை தவணையா பாருங்க:

1. முதல் மாசம் கட்டுன 5,000 முழு 12 மாசமும் இருக்கும்.
2. ரெண்டாவது 5,000 பதினோரு மாசம்தான் இருக்கும்.
3. மூணாவது பத்து மாசம், இப்படியே கொறஞ்சுக்கிட்டே வந்து
4. கடைசி 5,000 வெறும் ஒரு மாசம் இருந்துட்டு வெளிய வந்துடும்.

12, 11, 10 னு ஒண்ணு வரைக்கும் கூட்டினா 78. அதாவது ஒரு 5,000 ரூபா 78 மாசம் இருந்த மாதிரி. 5,000க்கு 6.5 பர்சன்ட்ல ஒரு மாச வட்டி 27 ரூபா சொச்சம். அத 78ஆல பெருக்கினா 2,112. அதுக்கு மேல கூட்டு வட்டியில ஒரு முப்பது ரூபா சேரும், ஆக 2,143. கணக்கு டேலி ஆயிடுச்சு. பேங்க் ஒரு ரூபா கூட எடுத்துக்கல.

இதையே திருப்பிச் சொன்னா, 60,000 முழுசா சராசரியா ஆறரை மாசம் மட்டும் பேங்க்ல இருந்திருக்கு. ஆறரை மாசத்துக்கு எவ்ளோ வரணுமோ அது வந்திருக்கு. 2,143ஐ 60,000ஆல வகுத்து "3.5 பர்சன்ட்தான்"னு சொல்றவங்க, கடைசி மாசம் போட்ட 5,000க்கும் ஒரு வருஷ வட்டி கேக்கறாங்க.

சைடுல ஒண்ணு. இதே கணக்க நமக்கு எதிரா திருப்பித்தான் ஃபிளாட் வட்டின்னு வண்டி லோன் குடுக்கறாங்க. மாசாமாசம் அசல திருப்பிக் கட்டிக்கிட்டே வந்தாலும், முழு அசலும் கடைசி வரைக்கும் நம்மகிட்டயே இருந்த மாதிரி வட்டி போடுவாங்க. ஆர்டில "பாதிதான்"னு தெரியற அதே விஷயம், அங்க "ரெண்டு மடங்கு" ஆயிடும். 8 பர்சன்ட் ஃபிளாட்னு யாராவது சொன்னா உண்மையான வட்டி 14, 15ன்னு நிக்கும்.

அப்ப உண்மையான போட்டி எது எதுக்கு நடுவுல?

மாச சம்பளக்காரருக்கு எஃப்டியா ஆர்டியான்னு கேக்கறதே கொஞ்சம் கோணலான கேள்வி. அவர்கிட்ட முதல் நாள் 60,000 இல்ல. இருந்திருந்தா எஃப்டிதான், பேச்சே இல்ல. இல்லாத பணத்த எஃப்டில போட முடியாது, அதனால 3,996 அவரோட கணக்குலயே வராது. அவருக்கு நிஜமா இருக்கறது மூணு வழி.

1. ஆர்டி. மாசம் 5,000, வருஷக் கடைசில 62,143.

2. சேவிங்ஸ் அக்கவுன்ட்லயே விட்டு வச்சு, 60,000 சேந்தப்புறம் எஃப்டி போடறது. "எஃப்டிக்கு வட்டி ஜாஸ்தி"ன்னு நம்பி நெறைய பேரு பண்றது இதுதான். சேவிங்ஸ்ல 2.5 பர்சன்ட்னு வச்சா வருஷக் கடைசில சுமாரா 815 ரூபா வட்டி. ஆர்டியோட பாத்தா 1,300 ரூபா சொச்சம் நஷ்டம். அத விட பெரிய நஷ்டம் என்னன்னா அந்தப் பணம் வருஷக் கடைசி வரைக்கும் இருக்கணுமே! சேவிங்ஸ்ல இருக்கற காசு ஃபோன்லயே இருக்கற காசு, டீக்கடையிலேர்ந்து துணிக்கடை வரைக்கும் ஸ்கேன் பண்ணிப் பண்ணியே கரைஞ்சுடும்.

3. மாசாமாசம் 5,000க்கு ஒரு புது எஃப்டி, ஒவ்வொண்ணும் ஒரு வருஷத்துக்கு. படிக்கட்டு மாதிரி. இப்ப எல்லா பேங்க் ஆப்புலயும் ரெண்டு நிமிஷ வேல. சில பேங்க்ல 1,000 ரூபாய்க்கே எஃப்டி போட விடறாங்க.

மூணாவதுல வட்டி எவ்ளோன்னு கேட்டா, இங்கதான் விஷயம் இருக்கு. ஒரே ரேட்டா இருந்தா 12 மாசம் முடியறப்ப அந்த பன்னெண்டு எஃப்டியோட மதிப்பும் கிட்டத்தட்ட அதே 62,143தான். ஒவ்வொரு எஃப்டியும் அதோட முழு வருஷத்த முடிக்கறப்ப 333 ரூபா வட்டி குடுக்கும், பன்னெண்டு எஃப்டிக்கும் சேத்தா அதே 3,996, ஆனா கடைசி எஃப்டி முடிய மொத்தம் 23 மாசம் காத்திருக்கணும். வேகமா எதுவும் வளரல, பணம் கூட கொஞ்ச நாள் இருந்திருக்கு, அவ்ளோதான்.

ரெண்டாவது வருஷம் என்ன பண்ணா என்ன வரும்

முதல் வருஷ ஆர்டி முடிஞ்சு 62,143 கையில இருக்கு. இப்பதான் இவரும் எஃப்டி போடற ஆளா மாறறாரு, ஏன்னா இப்ப அவர்கிட்ட மொத்தத் தொகை இருக்கு. அத ஒரு வருஷ எஃப்டில போட்டு, கூடவே புதுசா 5,000 ஆர்டி ஒண்ணு ஆரம்பிக்கறாரு. ரேட் அதே 6.5னு வச்சா ரெண்டாவது வருஷக் கடைசில எஃப்டி 66,282 ஆகும், புது ஆர்டி 62,143 ஆகும், மொத்தம் 1,28,425.

இப்ப இன்னொருத்தரு முதல்லயே 24 மாச ஆர்டியா போட்டிருந்தா? அவருக்கும் 1,28,425தான். ரூபா சுத்தமா ஒரே தொகை. ரெண்டும் ஒரே ரேட், ஒரே காலாண்டு கூட்டு வட்டி, ஒவ்வொரு 5,000மும் ரெண்டு பக்கமும் ஒரே அளவு மாசம் இருந்திருக்கு, அப்ப வேற எப்படி வரும்?

ஆனா வட்டி ஒண்ணா இருந்தாலும் ரெண்டும் ஒண்ணு இல்ல. ஒரு வருஷம் ஒரு வருஷமா வெட்டிக்கிட்டு போறவருக்கு முதல் வருஷப் பணம் தனியா, அபராதம் எதுவும் இல்லாம கைக்கு வருது. ஸ்கூல் ஃபீஸ் கட்டணுமா, நகை மீக்கணுமா, அந்த நேரத்துல முடிவு பண்ணிக்கலாம். 24 மாசம், 60 மாசம்னு நீளமா போட்டவருக்கு அந்த வாய்ப்பு நடுவுல கெடையாது. என்ன கேட்டா, ரொம்ப குறிப்பான நோக்கம் எதுவும் இல்லாத சம்பளக்காரருக்கு ஒரு வருஷ ஆர்டி, முடிஞ்சதும் அத எஃப்டியா மாத்து, திரும்ப ஆர்டி ஆரம்பி, இதுதான் தோதான வழி.

ரேட் எறங்கும்னு சொல்றாங்களே

ரிசர்வ் பேங்க் மத்த பேங்க்ங்களுக்கு கடன் குடுக்கற வட்டிதான் ரெப்போ ரேட், அத மாத்துனா டெபாசிட் வட்டியும் பின்னாடியே ஆடும். 2025 ஆரம்பத்துல ரெப்போ 6.5 பர்சன்ட்ல இருந்துச்சு, அந்த ஜூன் மாசத்துக்குள்ள 5.5க்கு வந்துடுச்சு, பேங்க்ங்களும் எஃப்டி வட்டிய வரிசையா கொறைச்சாங்க. இந்த மாதிரி நேரத்துல ஆர்டிக்காரருக்கு ஒரு வசதி இருக்கு, முதல்ல சொன்னேனே, ஆரம்பிச்ச நாள் ரேட் கடைசித் தவணை வரைக்கும் செல்லும். மாசாமாசம் புது எஃப்டி போடறவருக்கு ஒவ்வொரு மாசமும் அன்னிக்கு இருக்கற ரேட்தான். வட்டி ஏறுற காலத்துல இது அப்படியே தலைகீழ், அப்ப படிக்கட்டு எஃப்டிக்காரர் ஜெயிப்பாரு.

ஆனா இத பெருசா நெனச்சு ராத்திரி முழிச்சு கணக்கு போட வேணாம். ஏழாவது மாசத்துலேர்ந்து அரை பர்சன்ட் எறங்கிடுச்சுன்னு வச்சுக்கோங்க. கடைசி ஆறு தவணை, மொத்தம் 21 மாசக் கணக்கு, 5,000க்கு அரை பர்சன்ட். போட்டுப் பாத்தா ஒரு வருஷத்துல வித்தியாசம் 44 ரூபா. அஞ்சு வருஷ ஆர்டின்னா வேற கதை, அங்க ரேட்ட இப்பவே பூட்டி வைக்கறதுக்கு மதிப்பு உண்டு.

நடுவுல உடைக்க வேண்டி வந்தா

எஃப்டிக்கும் ஆர்டிக்கும் நடுவுல நிஜமான வித்தியாசம் வட்டியில இல்ல, இங்கதான் இருக்கு. நம்ம பக்கம் நவம்பர், டிசம்பர் வந்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2024 நவம்பர் 30 புதுச்சேரி பக்கத்துல கரையக் கடந்த ஃபெஞ்சல், அதுக்கப்புறம் கடலூர்ல ஊருக்குள்ள வந்த தண்ணி. ஓடு மாத்தணும், வண்டி இன்ஜின்ல தண்ணி பூந்திருக்கும், ஃபிரிட்ஜ் போயிருக்கும். திடீர்னு ஒரு 15,000 வேணும்.

நம்ம சிப்காட் ஆளு ஆர்டி ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆயிருக்குன்னு வச்சுப்போம். 40,000 கட்டியிருக்காரு. தேவை 15,000தான், ஆனா ஆர்டியில பாதி எடுக்க பெரும்பாலும் விட மாட்டாங்க, எடுத்தா முழுசா மூடணும். மூடுனா 6.5 கெடைக்காது. ஓடுன எட்டு மாசத்துக்கு என்ன ரேட்டோ அதுதான், அதுலயும் அரையோ ஒண்ணோ பர்சன்ட் அபராதமா கழிப்பாங்க. எட்டு மாச ரேட் 6ன்னும் அபராதம் 0.5ன்னும் வச்சா 5.5. வட்டி 975 வர வேண்டியது 825 ஆயிடும்.

போனது வெறும் 150 ரூபாதான். ஆனா மீதி 25,000 திரும்ப சேவிங்ஸ்ல வந்து நிக்குது, நின்ன தண்ணி ஆவியாகற மாதிரி அது போயிடும், ஆர்டியும் அறுந்துடுச்சு. மழை முடிஞ்சு ஜனவரில திரும்ப ஆரம்பிக்கறவங்க எத்தன பேரு?

இதுக்கு மூணு பரிகாரம் இருக்கு.

1. படிக்கட்டு எஃப்டி போட்டிருந்தா கடைசியா போட்ட மூணு எஃப்டிய மட்டும் உடைச்சா போதும். புதுசா போட்டதத்தான் உடைக்கணும், பழச தொடக்கூடாது, ஏன்னா பழசுலதான் வட்டி சேந்திருக்கு. மூணு மாசத்துக்குள்ள போட்டதுல போற வட்டி நூறு ரூபாய்க்குள்ளதான். மீதி அஞ்சும் அதோட பாட்டுக்கு ஓடும்.

2. ஆர்டிதான் வேணும்னா 5,000த்த ஒரே ஆர்டியா போடாம 2,000, 2,000, 1,000னு மூணா பிரிச்சு போடலாம். வட்டி ஒரே வட்டிதான். அவசரம்னா எவ்ளோ தேவையோ அதுக்கு ஏத்தத மட்டும் மூடிக்கலாம், மத்தது அறாது. இத பேங்க்ல யாரும் சொல்ல மாட்டாங்க, நாமளா கேட்டாத்தான்.

3. டெபாசிட் மேல லோன். எஃப்டி மேலயும் ஆர்டி மேலயும் பொதுவா 90 பர்சன்ட் வரைக்கும் குடுப்பாங்க, டெபாசிட் வட்டிக்கு மேல ஒரு பர்சன்ட்டோ ரெண்டு பர்சன்ட்டோதான் கூட. 15,000 எடுத்து நாலு மாசத்துல திருப்பிட்டா லோன் வட்டி 400 ரூபா கிட்ட வரும். உடைக்கறத விட காசு கூடதான் போகும், ஆனா டெபாசிட் அறாம ஓடிக்கிட்டே இருக்கும், அதுக்கு குடுக்கற வெலைன்னு நெனச்சுக்கலாம். அடகுக் கடையோட பாத்தா இது ஒண்ணுமே இல்ல.

தவணை தவறுனா

எஃப்டில இந்தத் தொல்லையே இல்ல. ஆர்டில உண்டு. பல பேங்க்ல நூறு ரூபாய்க்கு மாசம் ஒன்றரை ரூபா அபராதம். பாக்க சின்னதா இருக்கும். 5,000 தவணைக்கு அது 75 ரூபா. அந்த 5,000க்கு ஒரு மாச வட்டியே 27 ரூபாதான்னு மேல பாத்தோம், அப்ப ஒரு மாசம் லேட்டானா அந்தத் தவணையோட கிட்டத்தட்ட மூணு மாச வட்டி காலி. தொடர்ந்து ஆறு மாசம் கட்டலன்னா சில பேங்க்ல கணக்கையே மூடிடுவாங்க.

தவணை தவறுறது பெரும்பாலும் காசு இல்லாம இல்ல, தேதி பொருந்தாமதான். சம்பளம் ஒண்ணாந்தேதின்னு சொல்லுவாங்க, லீவு வந்தா மூணாம் தேதி ஆயிடும், கம்பெனில ஏதாவது லேட்டுன்னா ஏழாம் தேதி. ஆர்டிய நீங்க எந்தத் தேதில ஆரம்பிக்கறீங்களோ அதுதான் மாசாமாசம் தவணைத் தேதி. அவசரப்பட்டு ஒண்ணாந்தேதியே ஆரம்பிச்சுட்டா ஆட்டோ டெபிட் காலி அக்கவுன்ட்ல போய் முட்டும். வழக்கமா சம்பளம் வர்ற நாளுக்கு நாலஞ்சு நாள் தள்ளி ஆரம்பிக்கறது நல்லது. ரொம்பவும் தள்ளிப் போகக் கூடாது, இருபதாம் தேதின்னா அதுக்குள்ள காசு எங்க இருக்கும்!

போஸ்ட் ஆபீஸ் ஆர்டி: தனியா பாக்க வேண்டியது

கடலூர், பாண்டிச்சேரி பக்கம் வீட்டுக்கு வர்ற மகளிர் ஏஜென்ட் மூலமா போஸ்ட் ஆபீஸ் ஆர்டி கட்டறவங்க நெறைய. நல்ல திட்டம்தான், ஆனா பேங்க் ஆர்டி மாதிரின்னு நெனச்சு சேர்றது தப்பு. இதுக்கு காலம் ஒண்ணே ஒண்ணு, அஞ்சு வருஷம், 60 தவணை. 2023 அக்டோபர்ல இதோட வட்டி 6.7 பர்சன்ட் ஆச்சு. மாசம் நூறு ரூபாய்லேர்ந்து போடலாம். அந்த 6.7ல 5,000 கட்டுனா அஞ்சு வருஷக் கடைசில 3,56,829 வரும். கட்டுனது மூணு லட்சம், வட்டி 56,829.

இதுல கவனிக்க வேண்டியது நடுவுல மூடற விதி. மூணு வருஷத்துக்கு முன்னாடி மூடவே முடியாது. மூணு வருஷத்துக்கு அப்புறம் மூடலாம், ஆனா அப்ப கெடைக்கறது ஆர்டி வட்டி இல்ல, போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ் வட்டி, 4 பர்சன்ட். முடியறதுக்கு ஒரு நாள் முன்னாடி மூடுனாலும் இதே விதிதான். அஞ்சாவது வருஷக் கடைசில பொறுமை இழந்து மூடறவருக்கு 56,829க்கு பதிலா சுமார் 30,000 சொச்சம்தான் வரும், அதாவது ஒரே கையெழுத்துல 26,000 ரூபா போயிடும். அந்த மாதிரி நெலமையில மூடாதீங்க, ஒரு வருஷமும் 12 தவணையும் தாண்டியிருந்தா கட்டுனதுல பாதி வரைக்கும் லோன் குடுப்பாங்க, வட்டி ஆர்டி ரேட்டுக்கு மேல 2 பர்சன்ட். அத எடுத்து சமாளிக்கறதுதான் புத்திசாலித்தனம்.

இதுலயும் தேதி விஷயம் உண்டு. மாசம் 15க்குள்ள கணக்கு ஆரம்பிச்சவங்க ஒவ்வொரு மாசமும் 15க்குள்ள கட்டணும், 16க்கு மேல ஆரம்பிச்சவங்களுக்கு மாசக் கடைசி வரைக்கும் டைம். தவறுனா நூறுக்கு ஒரு ரூபா. நாலு தவணைக்கு மேல தவறுனா கணக்கு நின்னுடும், ரெண்டு மாசத்துக்குள்ள உயிர்ப்பிக்கலன்னா அதுல மேற்கொண்டு கட்ட முடியாது. ஏஜென்ட் அக்காகிட்ட காசு குடுக்கறவங்க அவங்க நோட்டுல எழுதறத மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவயாவது பாஸ்புக்ல ஏறியிருக்கான்னு பாருங்க. சந்தேகப்படறதுக்காக சொல்லல, கணக்குல ஏறாத பணத்துக்கு வட்டி ஓடாது.

வரி

ஆர்டிக்கு வரி கெடையாதுன்னு இன்னும் சில பேரு நம்பறாங்க. வரி எப்பவுமே உண்டு, முன்னாடி இல்லாம இருந்தது டிடிஎஸ், அதாவது வட்டி குடுக்கறப்பவே பேங்க் வரிய பிடிச்சுக்கறது, 2015 ஜூன் 1லேர்ந்து ஆர்டி வட்டியும் அந்த டிடிஎஸ் கணக்குல வந்துடுச்சு. 2025 ஏப்ரல்லேர்ந்து ஒரு பேங்க்ல ஒரு வருஷத்துல எஃப்டி, ஆர்டி ரெண்டும் சேத்து வட்டி 50,000 தாண்டுனாத்தான் டிடிஎஸ் பிடிப்பாங்க, சீனியர் சிட்டிசனுக்கு ஒரு லட்சம். 6.5 பர்சன்ட்ல 50,000 வட்டி வரணும்னா ஏழரை லட்சத்துக்கு மேல டெபாசிட் இருக்கணும், அதனால மாசம் 5,000 கட்டறவருக்கு பல வருஷத்துக்கு இந்தக் கவலை இல்ல. ஆனா டிடிஎஸ் பிடிக்கலங்கறதும் வரி இல்லங்கறதும் வேற வேற. வட்டி உங்க வருமானத்தோட சேரும், ரிட்டர்ன் போடறவங்க அத காட்டணும்.

சரி, யாருக்கு எது

1. சம்பளம் தேதி தவறாம வரும், ஆனா கையில காசு நிக்காதுன்னா ஆர்டி. ஆட்டோ டெபிட் போட்டு விட்டுடுங்க. மூணா பிரிச்சுப் போட்டா இன்னும் நல்லது.

2. ஓவர்டைம், ஷிஃப்ட் அலவன்ஸ்னு மாசத்துக்கு மாசம் வர்றது மாறும், ஒரு மாசம் 3,000 நிக்கும், ஒரு மாசம் 8,000 நிக்கும்னா படிக்கட்டு எஃப்டி. நின்ன அளவுக்கு போடலாம், போடாத மாசம் அபராதமும் இல்ல. ஆனா யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க, நீங்களேதான் போடணும், அந்த ஒழுக்கம் இருக்கான்னு உங்களுக்குத்தான் தெரியும்.

3. தீபாவளி போனஸ், பிஎஃப்ல எடுத்த பணம், சீட்டு எடுத்த பணம், இதெல்லாம் மொத்தமா வர்றது. இத ஆர்டியா மாத்தி மாசாமாசம் கட்டறவங்க கூட இருக்காங்க, அது வீண். நேரா எஃப்டி.

4. பொண்ணு காலேஜ் மாதிரி அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற செலவு, நடுவுல தொடவே மாட்டேன்னு உறுதியா தெரியும்னா போஸ்ட் ஆபீஸ் ஆர்டி.

கடைசியா, முடியற நாள். ஆர்டி முடிஞ்சதும் பணம் பெரும்பாலும் தானா சேவிங்ஸ் அக்கவுன்ட்ல வந்து விழும், அன்னிலேர்ந்து அதுக்கு 2.5 பர்சன்ட்தான். எஃப்டி அதுக்கு நேர் எதிர், போடறப்ப ஆட்டோ ரென்யூவல்னு டிக் பண்ணியிருந்தா அன்னிக்கு என்ன ரேட்டோ அதுல திரும்ப ஒரு வருஷத்துக்கு பூட்டிக்கும், உங்களுக்கு அந்த வாரம் பணம் தேவைப்பட்டா உடைக்க அபராதம். ரெண்டுக்கும் முடியற தேதிய ஃபோன் காலண்டர்ல ஒரு வாரம் முன்னாடியே அலாரமா வச்சுட்டீங்கன்னா, 62,143 வந்து விழற அன்னிக்கே அத எஃப்டியா மாத்திட்டு அடுத்த ஆர்டியையும் அதே ஆப்புல ஆரம்பிச்சுடலாம்.